ஆயிரம் பேருக்கு அன்னதானம்: பந்தியா, தொன்னையா, பொட்டலமா?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று வடசென்னையின் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்களில் பந்தல் எழும்பும். காலையில் கூழ் வார்த்தலும் நண்பகலில் அன்னதானமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அமைவது இங்கே பெருவழக்கம். விழாக் குழு கூடும்போது முதலில் எழும் கேள்வி "என்ன சமைப்பது" என்பதாகவே இருக்கிறது. பல ஆண்டுகள் இந்த வேலையில் நின்ற பிறகு, அதற்கு முன்னால் முடிவாக வேண்டியது வேறொன்று என்று உறுதியாகச் சொல்வேன். சாப்பாட்டை இலை போட்டுப் பந்தியில் பரிமாறுவதா, வரிசையில் நிற்பவர்களுக்குத் தொன்னையில் கொடுப்பதா, பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுப்பதா என்பதே அந்த முடிவு. அரிசியின் அளவு, அடுப்பின் எண்ணிக்கை, பண்டங்களின் வகை, ஆட்களின் தேவை ஆகிய எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு குறிப்பிட்ட சூழலை வைத்தே மூன்றையும் எடை போடுகிறேன். பதினெட்டு அடி அகலமுள்ள ஒரு தெரு, அதன் நடுவில் சிறிய கோயில், தெருவின் இரு முனைகளும் திறந்தவை. எதிர்பார்ப்பு ஆயிரம் பேர். இந்த ஆயிரம் என்ற எண்ணை எப்படிப் பெறுவது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். "போன வருஷம் நல்ல கூட்டம்" என்று யாரோ சொல்வதை நம்பி அரிசி வாங்கக் கூடாது. சென்ற ஆண்டு வாங்கிய தட்டில் எவ்வளவு மீந்தது என்ற கணக்கைப் பார்க்க வேண்டும். 1,200 வாங்கி 170 மீந்திருந்தால் 1,030 தட்டுகள் போயிருக்கின்றன. சிலர் இரண்டு முறை வந்திருப்பார்கள், ஆனால் அந்த இரண்டாவது தட்டிலும் சோறு இருந்தது என்பதால் நமக்குத் தேவை தட்டின் கணக்கே தவிர ஆளின் கணக்கு அல்ல.

பந்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மனம் முதலில் அதையே விரும்புகிறது. வந்தவரை உட்கார வைத்து, இலை போட்டு, வேண்டுமா வேண்டுமா என்று கேட்டுப் பரிமாறுவதற்கு இணையான உபசரிப்பு வேறில்லை. ஆனால் நம் தெருவில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். தரையில் அமரும் ஒருவருக்கு இரண்டடி அகலம் வேண்டும். அவரும் அவர் இலையும் சேர்ந்து நான்கடி ஆழம் பிடிக்கும். எதிரெதிராக இரண்டு வரிசை போட்டு நடுவில் பரிமாறுபவர் நடக்க நான்கடி விட்டால் பன்னிரண்டு அடி போய்விடும். மீதி ஆறடிதான் தெருவில் போகிறவர்களுக்கு. பந்தல் அறுபது அடி நீளம் என்றால் ஒரு வரிசையில் முப்பது பேர், ஒரு பந்திக்கு அறுபது பேர். இலை போடுவது முதல் எச்சில் இலை எடுத்துத் தரையைத் துடைப்பது வரை ஒரு பந்திக்கு அரை மணி நேரம் ஆகும். அதைக் குறைத்தால் சாப்பிடுகிறவரை எழுப்பிவிடுவது போலாகிவிடும். ஆயிரம் பேருக்குப் பதினேழு பந்தி, அதாவது எட்டரை மணி நேரம். நண்பகலில் தொடங்கினால் இரவு எட்டரை மணிக்கு முடியும். நடைமுறையில் அது முடிவதில்லை. மூன்றாவது பந்திக்குள் காத்திருப்பவர்கள் சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று விடுகிறார்கள், அந்த ஆறடி வழியும் அடைபட்டுப் போகிறது.

அளவிலும் பந்தி வேறு கணக்கைக் கேட்கிறது. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று சோறு போடும்போது ஆளுக்கு 130 முதல் 150 கிராம் அரிசி வேண்டும். ஆயிரம் பேருக்கு 140 கிலோ. அத்தனையையும் வடித்தாக வேண்டும். கொதிக்கும் கஞ்சியோடு ஓர் அண்டாவை இரண்டு பேர் சாய்த்து வடிப்பதற்குக் கால் வழுக்காத தரையும் கஞ்சி ஓடிப்போக ஒரு கால்வாயும் வேண்டும். குழந்தைகள் ஓடித் திரியும் குறுகலான தெருவில் இந்த ஒரு வேலைக்காகவே பந்தியை நான் மறுப்பேன். பக்கத்தில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் உட்காரும் கல்யாண மண்டபம் கிடைத்து, அதன் சமையற்கட்டும் நம் கையில் இருந்தால் முடிவு மாறும். அங்கே ஐந்து பந்தியில், இரண்டரை மணி நேரத்தில் ஆயிரம் பேரும் சாப்பிட்டு விடலாம், அப்போது பந்தியே சிறந்தது. வருகிறவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை ஒரே நேரத்தில் உட்கார வைக்க முடியாத இடத்தில் முழுப் பந்தி நடத்த முயல வேண்டாம் என்பது என் துணிபு.

பொட்டலம் இதற்கு நேர் எதிரானது. கூட்டம் நிற்கவே நிற்காது, வாங்கியவர் போய்க்கொண்டே இருப்பார். இடநெருக்கடி முழுவதும் தீர்ந்துவிடுவதால் குழுவில் இளைஞர்கள் பெரும்பாலும் இதையே ஆதரிப்பார்கள். என் தயக்கமெல்லாம் சோற்றின் பாதுகாப்பைப் பற்றியது. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும்வரை கிருமி பெருகாது. அதற்குக் கீழே இறங்கிய பிறகு நேரம் ஓடத் தொடங்குகிறது. மூடிக் கட்டிய பொட்டலத்துக்குள் சோறு முழுதாக ஆறுவதும் இல்லை, சூடாக நிற்பதும் இல்லை. கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடக்கிறது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்து வேகவைத்தாலும் சாகாமல் தங்கி, இந்த வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆயிரம் பொட்டலத்தைப் பதினொரு மணிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் எட்டரை மணிக்கே கட்டத் தொடங்க வேண்டும், அதற்கான சோறு ஏழரைக்கே தயாராக வேண்டும். வாங்கிப் போனவர் அதை இரவுக்கு எடுத்து வைத்தால் அது நமக்குத் தெரியப்போவதும் இல்லை.

ஆகவே பொட்டலம் கட்டுவதானால் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சாம்பார் சாதத்தையும் தயிர் சாதத்தையும் கட்டக் கூடாது. புளிப்பும் எண்ணெயும் கூடிய புளியோதரை மட்டுமே ஓரளவு தாங்கும், அதையும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும். அச்சிட்ட செய்தித்தாளில் கட்டும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய்ப் பசையோடு மை சோற்றில் இறங்கும். நடக்க இயலாமல் வீட்டிலேயே இருக்கும் முதியவர்களுக்கும் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் நூறு பொட்டலம் கட்டுவது நல்ல ஏற்பாடு. எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதை ஒவ்வொன்றின் மேலும் எழுதிக் கொடுத்தால் போதும். ஆயிரத்தையும் அப்படிக் கொடுப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

மீதி இருப்பது தொன்னை. நாங்கள் பாக்கு மட்டைத் தட்டையும் கலந்தே பயன்படுத்துகிறோம், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர்ப் பாக்கெட் ஆகியவை தடை செய்யப்பட்டிருப்பதால் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை. நம் தெருவுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இது தானாகவே சிறந்ததாகிவிடாது, அடுப்பும் வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் இது வெல்லும். பொருந்தாவிட்டால் பந்தியின் தாமதமும் பொட்டலத்தின் ஆபத்தும் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் சொந்தத் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஆயிரம் பேருக்கான தயிர் சாதத்தையும் காலை எட்டு மணிக்கே முழுத் தயிர் ஊற்றிக் கலந்து வைத்தேன். ஒரு மணிக்குக் கடைசி அண்டாவைத் திறந்தபோது விளிம்பைச் சுற்றிச் சிறு குமிழிகள் நின்றன, கரண்டியால் எடுத்தால் சோறு மெல்லிய நூல் விட்டது. வரிசையில் நின்றவர்களிடம் இல்லை என்று சொல்லி அதை முழுவதும் கொட்டினோம்.

இனி அளவுகள். ஆளுக்கு 300 கிராம் சாம்பார் சாதம், 150 கிராம் தயிர் சாதம் என்று வைத்துக்கொள்கிறேன், நடுத்தர வயதுடைய ஒருவருக்கு இது வயிறு நிறையும் அளவு. குழைந்த பதத்தில் செய்யும் சாம்பார் சாதம் தண்ணீரும் பருப்பும் காயும் சேர்ந்து ஒரு கிலோ அரிசிக்கு ஆறரை கிலோ வரும். ஆயிரம் பேருக்கு 300 கிலோ வேண்டும் என்றால் 46 கிலோ அரிசி. துவரம் பருப்பு 20 கிலோ, காய்கறி 25 கிலோ, புளி 3 கிலோ, சாம்பார்ப் பொடி இரண்டரை முதல் 3 கிலோ, உப்பு 3 கிலோ, எண்ணெயும் நெய்யும் சேர்த்து 5 லிட்டர். தயிர் சாதத்துக்கு 27 கிலோ அரிசி, 40 லிட்டர் பால், 15 லிட்டர் தயிர். மொத்த அரிசி 73 கிலோ, 26 கிலோ சிப்பம் மூன்று வாங்கினால் 5 கிலோ கையிருப்பு நிற்கும். இதே ஆயிரம் பேருக்குப் பந்தியில் 140 கிலோ அரிசி ஆகும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சாம்பார் சாதத்தை ஒரே மூச்சில் செய்யாமல் நான்கு ஈடாகப் பிரிக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. ஓர் ஈட்டுக்குப் பதினொன்றரை கிலோ அரிசி, அதில் 75 கிலோ சாதம், 250 தட்டு. நூறு லிட்டர் அண்டா நான்கும் பெரிய அடுப்பு மூன்றும் வாடகைக்கு எடுத்தால் போதும். கூழ் இந்த அடுப்புகளோடு மோதக் கூடாது. கேழ்வரகு மாவை வெள்ளிக்கிழமையே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யோடு சேர்த்துச் சனிக்கிழமை மாலையில் காய்ச்சி முடித்துவிட்டால், ஞாயிறு காலையில் கரைத்து ஊற்றுவதற்கு நெருப்பே வேண்டியதில்லை.

ஞாயிறு எட்டு மணிக்கு மூன்றாவது அடுப்பில் நான்கு ஈட்டுக்கும் உரிய பருப்பு மொத்தமாக ஏறும். பருப்பும் அரிசியும் நன்றாக வெந்த பிறகே புளி சேர வேண்டும், முன்னால் சேர்ந்தால் புளிப்பில் இரண்டும் விறைத்துக்கொண்டு வேகவே வேகாது. இந்தப் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அந்தத் தண்ணீரிலும் பருப்பு கரையாது, ஆகவே சமையலுக்குக் குடிநீர் வாரியத் தண்ணீரை முந்தின நாளே பிடித்து மூடி வைக்க வேண்டும். ஒன்பதே காலுக்கு முதல் இரண்டு அடுப்புகளில் தயிர் சாதத்துக்கான அரிசி ஏறி, பத்து மணிக்குக் குழைந்து இறங்கும். சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் ஊற்றி, அகலமான பாத்திரங்களில் பரப்பி ஆறவிட வேண்டும். தயிரைப் பாதிக்கு மட்டும் பதினொன்றரைக்கும், மீதிக்குப் பன்னிரண்டே காலுக்கும் சேர்த்தால் எந்தத் தட்டிலும் புளிப்பு ஏறாது.

பத்தரைக்கு முதல் இரண்டு ஈடு சாம்பார் சாதம் அடுப்பேறும். பருப்பு முன்பே வெந்திருப்பதாலும் காய் புளித்தண்ணீரில் மூன்றாவது அடுப்பில் தனியே கொதித்துக்கொண்டிருப்பதாலும் ஓர் ஈட்டுக்கு ஐம்பது நிமிடமே ஆகும். பதினொன்று இருபதுக்கு இரண்டும் இறங்க, படையலும் தீபாராதனையும் முடிந்து பதினொன்றே முக்காலுக்கு முதல் தட்டு கைமாறும். மூன்றாம் ஈடு பதினொன்றரைக்கு ஏறும். நான்காம் ஈட்டை ஏற்றுவதா என்பதைப் பன்னிரண்டு மணிக்குத் தெருவைப் பார்த்தே முடிவு செய்கிறோம். எங்கள் சமையல் மாஸ்டர் அந்த நேரத்தில் என் பக்கம் திரும்பி, "நாலாவது அண்டாவை ஏத்திடட்டுமா அண்ணே, இல்ல பாதி போதுமா?" என்று கேட்பார். வரிசையின் வால் மூன்றாவது மின்கம்பத்தைத் தாண்டியிருந்தால் முழு ஈடு, இரண்டாவது கம்பத்தோடு நின்றிருந்தால் பாதி. சமைக்காத அரிசி மறுநாள் கடைக்கே திரும்பும், சமைத்தது திரும்பாது. இந்த வசதி பந்தியிலும் இல்லை, பொட்டலத்திலும் இல்லை.

இரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு பரிமாறுமிடம், ஒருவருக்குப் பத்துப் பதினோரு விநாடி. நிமிடத்துக்குப் பதினொரு பேர் போவார்கள். முதல் இரண்டு ஈடான 500 தட்டு பன்னிரண்டரை வரை வரும், அதற்குள் மூன்றாவது இறங்கியிருக்கும். அது தீர ஏறத்தாழ ஒன்றாக, நான்காவது வந்து நிற்கும். ஒன்றே காலுக்கு எல்லாம் முடியும். எந்த அண்டாவும் இறங்கிய பிறகு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை.

இந்தக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் பரிமாறுகிறவரின் கை. முதலில் வருகிறவர்களுக்கு அன்பு மிகுதியால் நானூறு கிராம் விழும், கடைசி இருநூறு பேருக்கு இல்லாமல் போகும். தொடங்குமுன் அவர் எடுக்கும் பத்துத் தட்டுகளைத் தராசில் வைத்துப் பார்த்து, 300 கிராமுக்கு வரும் குழிக்கரண்டியைத் தேர்ந்து அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுகிறோம். தட்டுகளை ஐம்பது ஐம்பதாக எண்ணி அடுக்கி வைப்பதும் இதற்காகவே. முதல் அண்டா காலியாகும்போது ஐந்து அடுக்கு தீர்ந்திருக்க வேண்டும். நான்கே அடுக்குதான் போயிருக்கிறது என்றால் கை கனக்கிறது என்று பொருள், உடனே ஆளை மாற்றாமல் கரண்டியை மாற்ற வேண்டும். இன்னொன்று, சாம்பார் சாதம் நிற்க நிற்க இறுகும். இறுகினால் ஒரு கரண்டியில் அதிக எடை ஏறும், அதனால் கொதிக்கும் நீர்த்த சாம்பார் ஒரு வாளி பக்கத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அடிப்பிடித்த வாசனை வந்தால் துடுப்பால் சுரண்டாமல் மேலாக வேறு அண்டாவுக்கு மாற்றிவிட்டால் முக்கால் பங்கு காப்பாற்றப்படும்.

கூட்டத்தின் ஓட்டத்தில் ஒரே ஒரு விதி மீறப்படக் கூடாது. கிழக்கு முனையில் நுழைந்தவர் மேற்கு முனையில்தான் வெளியேற வேண்டும், யாரும் எதிர்த் திசையில் திரும்பி வரக் கூடாது. ஆகவே அடுப்படி வெளியேறும் பக்கத்துச் சந்தில் இருக்க வேண்டும். நுழையும் பக்கத்தில் இருந்தால் 75 கிலோ கொதிக்கும் அண்டா வரிசையை வெட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிய இரு வரிசைகளில் ஒன்று முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும். பரிமாறும் இரு மேசைகளையும் அருகருகே போடாமல் ஒன்றை எட்டடி தள்ளிப் போட்டால் வரிசை தாவும் தள்ளுமுள்ளு நின்றுவிடும்.

கூட்டம் உண்மையில் அடைபடுவது தண்ணீர் வைத்திருக்கும் இடத்தில்தான். வாங்கியவர் அங்கேயே நின்று சாப்பிட்டு, அங்கேயே குடித்து, அங்கேயே கை கழுவப் பார்ப்பார், பின்னால் வருகிறவருக்கு நகர இடமிருக்காது. நாங்கள் சாம்பார் சாதத்துக்குப் பத்தடி தள்ளித் தயிர் சாதத்தையும், அங்கிருந்து முப்பதடி தள்ளித் தண்ணீரையும், ஐம்பதடி தள்ளிக் குப்பைக்கூடையையும் கைகழுவும் டிரம்மையும் வைத்த பிறகு, மக்கள் தாமாகவே மேற்கு நோக்கி நடந்துகொண்டே சாப்பிட்டு முடிக்கிறார்கள். இரு சக்கர வண்டிகளை முந்தின இரவே மேற்கு முனையிலிருந்து அகற்றச் சொல்லிவிட வேண்டும், ஆம்புலன்ஸ் வந்தால் நுழைய வேண்டிய வழியும் அதுதான்.

பந்தியை முழுவதும் கைவிட மனமில்லாததால் கோயிலின் பக்கவாட்டுத் திண்ணையை ஒட்டி நாற்பது நாற்காலிகளும் நீள மேசையும் போட்டு, நிற்க முடியாதவர்களுக்கு மட்டும் இலையில் பரிமாறுகிறோம். உணவு அதே அண்டாவிலிருந்து வருவதால் தனிச் சமையல் எதுவும் இல்லை. ஒன்றே காலுக்குக் கடைசி அண்டாவின் அடியில் மீந்திருப்பதைத் தெருவைப் பெருக்க வந்திருக்கும் தூய்மைப் பணியாளர்களோடு குழுவினரும் உட்கார்ந்து அப்போதே சாப்பிட்டுவிடுகிறோம். இரவுக்கு என்று ஒரு வாளி கூட மூடி வைக்கப்படுவதில்லை, நான்கு அண்டாவும் இரண்டு மணிக்குள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு வாடகைக் கடையின் வண்டியில் ஏறிவிடும்.